புதுப்பிப்பு: தம்பியின் கிளெய்மும் அம்மாவின் கையெழுத்தும்

அப்போது நான் கேட்டது: “அறிவுசார் குறைபாடுள்ள தம்பிக்கு 24 வயது. மருத்துவக் காப்பீட்டு கிளெய்மில் அம்மா கையெழுத்து செல்லாதாம். என்ன செய்வது?”

பணம் வந்துவிட்டது. “பெத்த தாய் போதுமே” என்று ஒருவர் சொன்னது 18 வயது வரைக்கும்தான் சரி. வக்கீல் அண்ணன் சொன்னபடி, 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தோம். அம்மாவைக் காப்பாளராக நியமித்த சான்றிதழ் கிடைத்ததும் அதே பில்களை மறுபடி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

தொகை தம்பி பெயரிலுள்ள கணக்கில்தான் விழுந்தது. அது அவன் பணம். வருடாவருடம் அம்மா குழுவிடம் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

6 வயது மகளுக்குப் பாலிசி கேட்ட அக்கா, உங்களுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டாம். பெற்றவர் என்ற முறையில் நீங்களே கையெழுத்திடலாம்.

அம்மாவுக்குப் பிறகு காப்பாளர் நானா, என் கூடப்பிறந்த அண்ணனா? அது இன்னும் முடிவாகவில்லை.