ஐந்து தடவையும் ஒரே நேரம், ஆனால் g மட்டும் 10.86

லேப் வாத்தியார்
தனி ஊசலை ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கமான gஐக் கண்டுபிடிக்கும் பிராக்டிகல்தான். புத்தக மதிப்பு 9.8. ஒரு மீட்டர் நூல், இருபது அலைவு, ஐந்து தடவை. அடுத்தடுத்த மேசையில் இரண்டு குழு.

முதல் குழுவின் நேரங்கள்: 38.1, 38.2, 38.1, 38.1, 38.2 நொடி. அவ்வளவு நெருக்கமாக அந்த லேப்பில் யாருக்கும் வரவில்லை. கணக்குப் போட்டால் g = 10.86. விழுக்காட்டுப் பிழை கிட்டத்தட்ட 11.

இரண்டாவது குழு: 39.6, 40.7, 40.2, 39.8, 40.6. ஒன்றுக்கொன்று ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம். சராசரி 40.18, g = 9.78. பிழை ஒரு விழுக்காடுகூட இல்லை.

முதல் குழுப் பையன் நோட்டை நீட்டிக் கேட்டான்: "சார், அஞ்சு தடவையும் ஒரே மாதிரி வந்திருக்கு. அவங்களுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. அப்புறம் எப்படி அவங்க விடை சரி, எங்க விடை தப்பு?"

தேர்வு மேற்பார்வைக்கு வந்தவர் பதில் சொல்லாமல் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் பெஞ்சு
எங்கள் லேப்பிலும் இதே கதைதான். ஐந்து தடவை போதாது சார். இருபது, முப்பது தடவை எடுத்துச் சராசரி போட்டிருந்தால் தானாக 9.8க்கு வந்திருக்கும். நாங்கள் அப்படித்தான் செய்து முழு மதிப்பெண் வாங்கினோம்.

அளவுகோல்
மூன்றாம் பெஞ்சு, இரண்டாவது குழுவுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். முதல் குழு முந்நூறு தடவை எடுத்திருந்தாலும் 38.1தான் வந்திருக்கும். சிதறல் இருந்தால்தானே சராசரி அதைக் குறைக்கும்? எல்லா அளவும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்திருந்தால் சராசரியும் அங்கேயே போய் உட்காரும்.

அவர்கள் நோட்டில் பிழை எல்லை எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். நேரத்தில் ±0.05 நொடி, நீளத்தில் ஒரு மில்லிமீட்டர். g சூத்திரத்தில் நேரம் வர்க்கத்தில் வருவதால் அதன் விழுக்காட்டை இரட்டிப்பாக்க வேண்டும். மொத்தம் சுமார் 0.36 விழுக்காடு, அதாவது 10.86 ± 0.04. ஆனால் 9.8 இருப்பது 1.06 தள்ளி, எல்லையைப் போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல். கை நடுக்கம் இவ்வளவு தூரம் தள்ளாது. வேறு ஏதோ ஒன்று திட்டமாகத் தள்ளியிருக்கிறது.

என்னவென்று ஊகிக்கவும் முடிகிறது. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். "இருபது" என்று சொல்லி நிறுத்தியபோது நடந்தது பத்தொன்பது அலைவுதான். 38.14ஐ 19ஆல் வகுத்துப் பாருங்கள், 2.007 வரும். g சரியாக 9.80.

கறார் கணேசு
அளவுகோல் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஏமாற்று வேலை இல்லையா? விடை 9.8 என்று தெரிந்த பிறகு, அது வருகிற மாதிரி 19 என்று மாற்றுகிறீர்கள். விடை தெரியாத ஒன்றை அளக்கும்போது என்ன செய்வீர்கள்? என் வகுப்பில் ஒருத்தி முதலில் 9.8 என்று எழுதிவிட்டு, பின்னாலிருந்து நேரத்தைக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்புவாள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

லேப் வாத்தியார்
கணேசு கேட்பது நியாயம். அன்று நானும் 19 என்று சொல்லவில்லை. மேற்பார்வையாளர் போன பிறகு அதே பையனை அழைத்து, அதே மாதிரி எண்ணி நாற்பது அலைவுக்கு நேரம் எடுக்கச் சொன்னேன். 78.3 வந்தது.

இப்போது 9.8ஐ மறந்துவிடுங்கள். இருபதில் அலைவுக் காலம் 1.907, நாற்பதில் 1.958. ஒரே ஊசலுக்கு இரண்டு அலைவுக் காலமா? அங்கேயே எண்ணிக்கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பிறகு 78.3லிருந்து 38.1ஐக் கழியுங்கள். 40.2 நொடி, இடையில் நடந்தது சந்தேகமில்லாமல் இருபது அலைவு. தொடக்கத்தில் நடந்த தப்பு இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால் கழித்தலில் அடிபட்டுவிடுகிறது. அலைவுக் காலம் 2.01, g = 9.77. எந்தப் புத்தக மதிப்பும் தேவைப்படவில்லை.

கறார் கணேசு
சரி, இது வேறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 19 என்று போடுவதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐஸ் பெட்டி
எனக்கு வேறு பிரச்சினை. உருகும் பனிக்கட்டியில் வெப்பமானியை வைத்தேன், 1 டிகிரி செல்சியஸ் காட்டியது. சரியான மதிப்பு 0. விழுக்காட்டுப் பிழை எழுதச் சொன்னார்கள். பூஜ்யத்தால் வகுப்பது எப்படி என்று கேட்டதற்கு வெளியே நிற்க வைத்தார்கள். யாராவது சொல்லுங்கள்.

அளவுகோல்
கேள்வியே தப்பு, நீங்கள் இல்லை. செல்சியஸில் பூஜ்யம் என்பது நாம் வைத்துக்கொண்ட இடம். அதே அளவைக் கெல்வினில் எழுதினால் 274.15க்கு 273.15, பிழை 0.37 விழுக்காடு. வெப்பமானி மாறவில்லை, பிழை மட்டும் முடிவிலியிலிருந்து அரை விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டது! இந்த மாதிரி இடத்தில் "1 டிகிரி அதிகம் காட்டுகிறது" என்று எழுதுவதோடு நிறுத்த வேண்டும்.

பழைய ஸ்டாப்வாட்ச்
இரண்டாவது குழுவைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கும் அப்படித்தான் சிதறியது, மறுபடி செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான் என் கதை. ஆனால் சிதறல் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் குண்டு ஓரத்துக்குப் போகும்போது பொத்தானை அழுத்துவார்கள். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்கிற மாதிரி இருக்கும், எப்போது திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில்தான் வேகம் அதிகம். குண்டுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, குண்டு அதை ஒரே திசையில் கடக்கும்போது "பூஜ்யம்" என்று சொல்லித் தொடங்குங்கள். எண்ணிக்கைத் தப்பும் வராது, சிதறலும் குறையும். பொத்தானைக் கடைசி வரை ஒரே ஆள் அழுத்தட்டும். அகலமாக இழுத்து விடாதீர்கள். இருபது டிகிரி இழுத்தாலே அலைவுக் காலம் முக்கால் விழுக்காடு கூடிவிடும், g அதைப் போல இரு மடங்கு குறையும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும், கொக்கி வரை இல்லை.

அப்புறம், கடிகாரம் நூறில் ஒரு பங்கு நொடி காட்டுகிறது என்பதற்காக 9.7823 என்று எழுதுகிறவர்கள்! விரல் அவ்வளவு வேகமா? இரண்டாவது குழு எழுத வேண்டியது 9.8 ± 0.3.

அளவுகோல்
பெரிய நேரத்துக்கும் சிறிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் ±0.3 வருவது சரி. ஆனால் அது மிகவும் தாராளம். ஐந்து அளவின் சராசரி ஒற்றை அளவைவிட நம்பகமானது. திட்ட விலக்கம் 0.48 நொடி, அதை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.22. அந்தக் கணக்கில் 9.8 ± 0.1.

பழைய ஸ்டாப்வாட்ச்
வெறும் ஐந்து அளவை வைத்துத் திட்ட விலக்கம் போடுவதே எனக்கு உறுத்துகிறது. இன்னொரு அளவு எடுத்து அது 41.5 என்று வந்தால் உங்கள் 0.1 என்னவாகும்? பள்ளி பிராக்டிகலுக்கு 0.3 போதும்.

மூன்றாம் பெஞ்சு
அதெல்லாம் சரி சார், கடைசியில் அந்தப் பையனுக்கு மதிப்பெண் கிடைத்ததா?

லேப் வாத்தியார்
கிடைக்கவில்லை. நாற்பது அலைவு எடுத்தது தேர்வு நேரம் முடிந்த பிறகு. நோட்டில் இருந்தது 10.86தான். பிழை எல்லை எழுத அட்டவணையில் ஒரு கட்டமும் கிடையாது. அடுத்த ஆண்டு முதல் இருபது, நாற்பது இரண்டையும் எடுக்கச் சொல்லி, நானே ஒரு கட்டம் கோடு போட்டுக் கொடுக்கிறேன்.