திருத்திக் கொடுத்த தாளை என்ன செய்கிறீர்கள்? பிழைப் பட்டியல் போட்ட அனுபவங்கள்

பாளை மெய்ப்பாளர்

பாளையங்கோட்டையில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். திருத்திய தாளைத் திருப்பிக் கொடுத்தால் பலரும் அந்தந்த இடத்தை மட்டும் கணினியில் சரிசெய்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த கட்டுரையில் அதே பிழை வேறு சொல்லில் வந்து நிற்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வயல், வாய்க்கால் பற்றி எழுதும் ஒரு தங்கச்சி மட்டும் பழைய தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவரோடு உட்கார்ந்து பட்டியல் போட்ட கதையைச் சொல்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

மூன்று கட்டுரைகளில் 46 திருத்தங்கள். முதலில் அவர் 46-ஐயும் வரிசையாக நோட்டில் எழுதி வந்தார். ‘மடையை திறந்தார்’ தவறு, ‘மடையைத் திறந்தார்’ சரி என்ற மாதிரி. இது உதவாது. அடுத்த கட்டுரையில் மடை வராது, மதகு வரும். அதனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் 19 திருத்தங்கள் ஒரே காரணத்தில் போய் விழுந்தன. ‘ஐ’, ‘கு’ உருபில் ஒரு சொல் முடிந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும் இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது. 11 இடங்களில் பன்மைக்கு ஒருமை வினை: ‘நாற்றுகள் காய்ந்தது’, ‘மாடுகள் இறங்கியது’. 5 இடங்களில் ‘ஒவ்வொரு விவசாயிகளும்’ என்ற வகை. மீதி 11-ம் ஒரே ஒரு தடவை வந்தவை.

பட்டியலில் ஏறியது மூன்றே வரி. ஒரு தடவை வந்தவற்றைத் தனித் தாளில் வைத்தோம். வேறொரு கட்டுரையில் மறுபடி தலைகாட்டினால்தான் அவை பட்டியலுக்கு வரும்.

இரண்டாவது வரிக்குக் காரணம் இலக்கணம் தெரியாதது அல்ல. நம் பேச்சில் ஒரு மாடு வந்தாலும் ‘வந்துட்டு’, பத்து மாடு வந்தாலும் ‘வந்துட்டு’தான். வாக்கியம் நீண்டு, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஏழெட்டுச் சொல் புகுந்துவிட்டால் பேச்சுப் பழக்கம் ஜெயித்துவிடும். ஆகவே அதற்கு மட்டும் தனியாக ஒரு வாசிப்பு: ‘அது’ என்று முடியும் வினைகளை மட்டும் பார்ப்பது, எது என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கி எழுவாய்வரை போவது.

முதல் வரிக்கு லிப்ரே ஆபீஸ் உதவியது. Ctrl+H அழுத்தி, Regular expressions என்பதை டிக் செய்துவிட்டு இவற்றைத் தேடினால் விடுபட்ட இடங்கள் வந்துவிடும்:

```
ை [கசதப]
கு [கசதப]
```

‘மழை பெய்தது’ என்பதும் இதில் சிக்கும். அங்கே ‘மழை’ எழுவாய், ஒற்று வராது. எனவே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் போட வேண்டும். Replace All பக்கம் போகவே கூடாது.

மேலப்பாளையம்

இவ்வளவு எதுக்கு அண்ணாச்சி? சத்தமா வாசிச்சா காது சொல்லிரும். ‘அந்த பையன்’னு யாராவது சொல்லுதாங்களா? ‘அந்தப் பையன்’னுதானே வாயில வருது. நான் அப்படித்தான் பாக்கேன். சந்தேகமா இருந்தா ஒற்றைப் போட்டுருவேன், போட்டா தப்பில்ல.

பாளை மெய்ப்பாளர்

காது சொல்வது பாதி உண்மை தம்பி. அந்த, இந்த, அப்படி, இப்படி வரும் இடங்களில் அது நன்றாகவே பிடிக்கும். ‘மாடுகள் வந்தது’ என்பதைப் பிடிக்காது, ஏனென்றால் அந்தப் பிழையே காதிலிருந்துதான் வருகிறது. சந்தேகம் வந்தால் ஒற்றைப் போடுவது அதைவிட மோசம். ‘வந்தப் பையன்’, ‘படித்தப் பெண்’ எல்லாம் அப்படி முளைத்தவைதான்.

வள்ளியூர்

எனக்கும் இதே கஷ்டம்தான். மக கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளையோட தாத்தா பேர்ல ஒரு எழுத்து மாறிட்டு. ஆயிரம் பத்திரிகை அச்சாகி வந்தபிறகுதான் பாத்தோம். சம்பந்தி வீட்டுல இன்னும் பேச்சு நிக்கல. இதுக்கும் பட்டியல் போட முடியுமா?

பாளை மெய்ப்பாளர்

அது ஒரு தடவை நடந்தது, பட்டியலில் ஏறாது அண்ணாச்சி. பெயர்களை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டையும் மெய்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல இன்னொருவர் பார்க்க வேண்டும். அது தனி வேலை.

கல்லிடைக்குறிச்சி

உங்களுக்குத் தாள் திரும்பி வருகிறது, கொடுத்து வைத்தவர்கள். நான் சிறுகதையும் மொழிபெயர்ப்பும் அனுப்பும் பத்திரிகைகளில் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை, சத்தமில்லாமல் திருத்திப் போட்டுவிடுவார்கள். நான் செய்வது இது: அச்சில் வந்ததன் பிடிஎப் கிடைத்தால், அதிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டிவிட்டு, என் மூலத்தோடு Edit, Track Changes, Compare Document என்று போய் ஒப்பிடுவேன். யூனிகோடில் இல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎப் என்றால் ஒட்டியது கோணல்மாணலாக வரும். அப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பென்சிலால் கோடு போடுவதைத் தவிர வழியில்லை.

அப்படி ஒப்பிட்டபோது ஒன்று தெரிந்தது. மாற்றங்களில் கணிசமானவை பிழைத் திருத்தமே அல்ல, ஆசிரியரின் விருப்பம். ஓரிடத்தில் ‘நாட்கள்’ என்றால் ‘நாள்கள்’ ஆக்குகிறார்கள். இன்னோரிடத்தில் ‘வாழ்த்துகள்’ என்றால் ‘வாழ்த்துக்கள்’ ஆக்குகிறார்கள். இவற்றைப் பிழைப் பட்டியலில் சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பத்திரிகைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அனுப்புவதற்கு முன் அதை மட்டும் பார்க்கிறேன். அதில் ‘முயற்சித்தார்’ என்பதை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

பாளை மெய்ப்பாளர்

பிழைதான். முயற்சி பெயர், அதற்கு வினை ‘முயன்றார்’. பட்டியலில் சேருங்கள்.

கல்லிடைக்குறிச்சி

எல்லாரும் எழுதுகிற, எல்லாருக்கும் புரிகிற சொல் அது. திருத்தினால் மறுக்க மாட்டேன். ஆனால் விருப்பப் பக்கத்தில்தான் வைப்பேன்.

அம்பை

அண்ணாச்சி சொன்ன தங்கச்சி நான்தான். பட்டியல் போட்டதும் நடந்ததையும் சொல்லிருதேன். முதல்ல அதை எதிர்ல ஒட்டி வச்சுக்கிட்டு எழுதினேன். ஒரு வரி ஓடல. ஒவ்வொரு ‘ஐ’லயும் கை நின்னுரும். இப்போ எழுதி முடிச்சு, ஒரு ராத்திரி போட்டு வச்சு, மறுநாள்தான் பட்டியலை எடுக்கேன். வரிக்கு ஒரு வாசிப்பு, மூணையும் ஒண்ணா தேடினா ஒண்ணும் கண்ணுல படமாட்டேங்கு.

அடுத்தது, ஒற்று போடணும்ங்கிற நினைப்பிலேயே ‘பாய்ந்தத் தண்ணீர்’, ‘இறங்கியப் பெண்கள்’னு எழுதிட்டேன். பட்டியல் வர்றதுக்கு முன்னால அந்தத் தப்பு எங்கிட்ட கிடையாது! அண்ணாச்சி முதல் வரிக்குப் பக்கத்துலயே ‘பாய்ந்த, வந்த, போன: ஒற்று இல்லை’னு எழுதச் சொன்னாங்க. இப்போ எங்க போடணும்ங்கிறதும் எங்க போடக்கூடாதுங்கிறதும் ஒரே வரியில இருக்கு.

எனக்குத் தீராத கேள்வி ஒண்ணு. ‘ஒவ்வொரு விவசாயிகளும்’ வகை தொடர்ந்து சில கட்டுரையில வரவே இல்ல, அதனால அடிச்சுட்டேன். 2023 டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளம் வந்தப்போ அவசரமா ஒரு கட்டுரை அனுப்பினேன், அதுல ரெண்டு இடத்துல திரும்பவும் வந்துட்டு. அப்போ எதையும் அடிக்கவே கூடாதா? அடிக்காட்டி பட்டியல் நீண்டுகிட்டே போயிரும், யாரும் பாக்கமாட்டாங்க.

பாளை மெய்ப்பாளர்

அடித்ததைத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அவசரமாக அனுப்பும் நாளில் மட்டும் பின்பக்கத்தையும் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சி

அவசரமான நாளில் பின்பக்கம் திருப்ப யாருக்கு நேரம் இருக்கும்? ‘ஒவ்வொரு’ போலத் தேடிப் பிடிக்க முடிகிறவற்றை அடிக்கவே வேண்டாம், தேட ஒரு நிமிஷம் போதும். கண்ணால் மட்டுமே பிடிக்க முடிகிற ஒருமை பன்மைக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.