புதுப்பிப்பு: அண்ணனின் டயசிபாம் மாத்திரைகள்

முன்பு நான் கேட்டது: "குடியை நிறுத்திய அண்ணனுக்கு முதல் நாளே 40 மில்லிகிராம் டயசிபாம். போகப் போகக் குறைப்பார்களாம். பாதி அளவில் தொடங்கி வீட்டிலேயே கொடுக்கக் கூடாதா?"

மனநல வார்டில் பணிபுரியும் செவிலியர் அக்கா அதற்குப் பதிலாக எழுதியதுதான் எனக்குப் புரிந்தது. மது பல வருடம் அடக்கிவைத்த மூளை, ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது நின்றதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாட்களில் வரும். பிதற்றலும் குழப்பமும் அதை ஒட்டியே. அதனால் அந்த வேகத்தை அடக்கும் டயசிபாம் அப்போதே போதிய அளவில் இருக்க வேண்டும். மூளை அடங்க அடங்க மருந்தும் இறங்கும்.

அண்ணனுக்கு மருத்துவமனையில் 10 மி.கி. நான்கு வேளை என்று தொடங்கி, ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்பு கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தார்கள், நாடி, வியர்வையும்தான். மூன்றாம் நாள் மதியம் பேச்சுக் குழறியது, கண் சொருகியது. மருந்து அதிகமானதன் அடையாளம் அது என்பதால் அந்த வேளை மாத்திரையைத் தரவில்லை. வீட்டில் யார் இதைக் கவனித்திருப்பார்கள்?

என் கேள்விக்கு "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று" என்று எழுதினீர்களே தம்பி, டயசிபாமை மாதக்கணக்கில் விழுங்கினால் அது உண்மைதான். தன் மாமாவுக்கு டயசிபாமுக்குப் பதில் அதே வகை மருந்தான லோரசிபாம் கொடுத்த கதையை எழுதியவருக்கு: கல்லீரல் கெட்டிருந்தால் டயசிபாம் உடலில் தேங்கும், அதனால்தான் மாற்றியிருப்பார்கள்.

மாத்திரையோடு குடித்தால் மூச்சே அடங்கலாம் என்பதால் வீட்டுக்கு டயசிபாம் தரவில்லை. தயமின் என்ற வைட்டமின் மட்டும் தொடர்கிறது. தூக்கம்தான் இன்னும் சரியாகவில்லை.