மறு: [கலைச்சொல்] லேட்டன்சி: சுணக்கமா, செல்நேரமா?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இணைய வேகம் அளக்கும் கட்டற்ற செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய கோப்பில், தரவு போய்ச்சேர ஆகும் நேரமான லேட்டன்சிக்கு "மறைநிலை" என்று யாரோ போட்டுவைத்திருக்கிறார்கள், பேண்ட்விட்த்துக்கு "அலைவரிசை அகலம்". முதலாவது அகராதியைப் பார்த்துத் தவறாக எடுத்தது. இரண்டாவது ஹெர்ட்ஸில் அளக்கும் வானொலிக்காரர்களுக்குச் சரி, ஆனால் இங்கே கணக்கு நொடிக்கு இத்தனை மெகாபிட். திரையைப் பார்க்கப்போகிறவர் புது இணைப்பு வாங்கலாமா என்று யோசிக்கிற சாதாரண ஆள். இரண்டு எண்ணும் வேறு வேறு சங்கதி என்று சொல்லைப் பார்த்ததுமே அவருக்குப் பட வேண்டும். கடத்தளவு, சுணக்கம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

ராகவன் எழுதியது:

எதற்கு இவ்வளவு சிரமம்? "வேகம்" என்று போட்டால் எல்லோருக்கும் புரியும். பேண்ட்விட்த் ஏறினால் லேட்டன்சி தானாக இறங்கிவிடும். எனக்கே பழைய மெதுவான இணைப்பை மாற்றியதும் பிங் சோதனை காட்டும் நேரம் பாதியாகக் குறைந்தது. பெரிய குழாய் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

அருளானந்தம் எழுதியது:

ராகவன் சொல்வது ஓரளவு சரி. 1500 பைட் பொட்டலம் ஒன்றை 1 மெகாபிட் இணைப்பில் ஏற்றவே 12 மில்லிவினாடி ஆகும். 100 மெகாபிட்டில் அது 0.12 தான். அதனால் மிக மெதுவான இணைப்பிலிருந்து மாறினால் பிங் குறையத்தான் செய்யும். ஆனால் அதற்குமேல் 100-ஐ 500 ஆக்கினாலும் அந்த வகையில் மிச்சமாவது ஒரு மில்லிவினாடிகூட இல்லை. மீதி நேரமெல்லாம் தூரத்துக்கும் வழியில் உள்ள கருவிகளுக்கும் போவது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது, ஆகவே 1000 கி.மீ. தள்ளி இருக்கும் சேவையகத்துக்குப் போய்வர 10 மில்லிவினாடியாவது வேண்டும். எந்தத் திட்டம் வாங்கினாலும் அது குறையாது.

இன்னும் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் புவிநிலைச் செயற்கைக்கோள் இணைப்பைப் பாருங்கள். உயரம் 35,786 கி.மீ. கேள்வி மேலே ஏறி இறங்க வேண்டும், பதிலும் அப்படியே, ஆக நான்கு நடை. ஒளியின் வேகத்தில் போனாலும் 477 மில்லிவினாடி. அதில் 100 மெகாபிட் கிடைக்கலாம், படம் அருமையாக ஓடும். பேச்சு மட்டும் ஒருவர் மேல் ஒருவர் விழும். 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் தாழ்வட்டக் கோள்களில் இந்தச் சிக்கல் இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். "சுணக்கம்" என்றால் யாரோ மெத்தனமாக இருந்துவிட்டார் என்ற தொனி வருகிறது. ஒளி சுணங்குவதில்லை, அதற்கு ஆகிற நேரம் ஆகிறது. "செல்நேரம்" என்பது என் பரிந்துரை.

ஃபாத்திமா எழுதியது:

சொல் விவாதத்துக்கு நடுவே என் கதையைச் சொல்வதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு இணைப்பு இறக்கத்துக்கு 100 மெகாபிட், ஏற்றத்துக்கு 5. சோதனையில் பிங் 14 என்று அழகாகக் காட்டுகிறது. ஆனால் மகள் கைப்பேசியில் எடுத்த காணொளிகள் மேகத்துக்கு ஏறத் தொடங்கினால் போதும், என் அலுவலகக் கூட்டம் உறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பிங் போட்டால் 900 வருகிறது. 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறுங்கள் என்கிறார் இணைப்புக்காரர். மாறலாமா ஐயா? வைஃபை கோளாறாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம்.

அருளானந்தம் எழுதியது:

அம்மா, வைஃபையா இல்லையா என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் இதை ஓடவிட்டுக்கொண்டே பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றிப் பாருங்கள்.

```
ping -t 1.1.1.1
```

கேபிளிலும் 14 என்பது 900 ஆனால் வைஃபை மேல் பழி போட வேண்டாம். மோடத்தில் பொட்டலங்கள் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். கணக்கும் உதைக்கவில்லை. 5 மெகாபிட் என்றால் நொடிக்கு 625 கிலோபைட். கூடுதலாக ஆகிற 886 மில்லிவினாடியில் சுமார் 550 கிலோபைட் வெளியேறும். அப்படியானால் அவ்வளவு காணொளித் தரவை மோடம் தன் இடையகத்தில் தேக்கிவைத்திருக்கிறது, உங்கள் குரல் அதன் வாலில் போய் நிற்கிறது. தொலைபேசிப் பேச்சுக்கு ஒருவழி 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது ஐ.டி.யு. பரிந்துரை.

இன்னொன்றும் நடக்கும். ஏற்றப் பாதை அடைபட்டால் இறக்கமும் படுத்துவிடும். வந்து சேர்ந்த தரவுக்கு "கிடைத்தது" என்று திருப்பிச் சொல்லும் பொட்டலங்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இணைப்புக்காரரிடம் கேட்க வேண்டியது 300 திட்டத்தில் ஏற்றம் எவ்வளவு என்பதை. அதுவும் 5 என்றால் மாறிப் பயனில்லை. 10 என்றால், இடையகம் அதே அளவு இருக்கும்பட்சத்தில், காத்திருப்பு பாதியாகிச் சுமார் 440-க்கு வரும். அப்போதும் பேச முடியாது. ரவுட்டரில் SQM என்று ஓர் அமைப்பு இருந்தால் ஏற்றத்தை 4.5 மெகாபிட்டுக்குக் கட்டிவையுங்கள். அப்போது வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரில் சேரும், அங்கே அது குரல் போன்ற சின்ன ஓட்டங்களைக் காணொளிக்குப் பின்னால் காக்கவைக்காது. கொஞ்சம் கடத்தளவு போகும், போகட்டும்.

மலர்விழி எழுதியது:

ஐயா, நீங்கள் செல்நேரம் என்கிறீர்கள், ஆனால் ஃபாத்திமா வீட்டில் நடப்பது சுணக்கம்தானே! 14 மில்லிவினாடி செல்நேரம், மிச்ச 886 சுணக்கம். இந்தச் செயலியில் Unloaded, Loaded என்று இரண்டு எண் வருகிறது. முதலாவதற்குச் "செல்நேரம்", இரண்டாவதற்கு "நெரிசலில் செல்நேரம்", இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் "சுணக்கம்" என்று வைத்தால் என்ன? வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

இளங்கோ எழுதியது:

ஒரே கருத்துக்கு மூன்று சொல் என்றால் பயனர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மூலத்தில் இல்லாத எண்ணை மொழிபெயர்ப்பாளர் சேர்ப்பதும் முறையல்ல. தவிர, பிங் காட்டுவது போய்வரும் நேரம். "செல்நேரம்" என்றால் போவது மட்டும் என்று படுகிறதே. "சுற்றுநேரம்" சரியாக இருக்குமா?

அருளானந்தம் எழுதியது:

பிங் எண்ணுக்குச் சுற்றுநேரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேட்டன்சி ஒருவழிக்கும் சொல்வதுண்டு, மேலே நான் சொன்ன 150 அப்படித்தான். பொதுச்சொல் ஒன்று தனியாக வேண்டும். மூன்றாவது எண் விஷயத்தில் நான் மலர்விழி பக்கம். மூலத்தை எழுதுகிறவர்களிடமே சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

ராகவன் எழுதியது:

என் இணைப்பிலும் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 11, மேலேற்றும்போது 60. அப்படியானால் நான் வாங்கியது நல்ல இணைப்புதானே? "வேகம்" போதும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது, ஆனால் எந்த வேகம் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஃபாத்திமா எழுதியது:

கேபிளிலும் 900 தான் ஐயா. 300 திட்டத்தில் ஏற்றம் 10 என்றார்கள், அதனால் மாறவில்லை. எங்கள் ரவுட்டரில் SQM கண்ணில் படவில்லை. கணினி வழியாக ஏற்றினால் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம் என்று தெரிந்து, காணொளிகளை அதில் போட்டு 3 மெகாபிட்டுக்குக் கட்டினேன். இப்போது பிங் 20-ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் மகள் பழையபடி கைப்பேசியிலிருந்தே ஏற்றிவிட்டால் மறுபடி 900 தான். ரவுட்டரை மாற்றாமல் இதற்கு வழி உண்டா?