புதுப்பிப்பு: டவுன்லோட் மேனேஜர் பிரச்சனை
"ரூம்மேட் டவுன்லோட் மேனேஜர் போட்டா மட்டும் எங்க நெட் ஏன் படுக்குது?"

லைன் ஸ்லோன்னு ஒருத்தர் சொன்னது பாதி சரி, 40 எம்பிபிஎஸ் தான், ஆனா இன்னொருத்தர் சொன்னதுதான் நிஜ காரணம்: ரவுட்டர் ஆளைப் பாக்காது, நெரிசல்ல கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் தோராயமா சமமா பிரியும். ரூம்மேட் 16 கனெக்‌ஷன் திறக்கறார், நாங்க நாலு பேர் ஆளுக்கு ஒண்ணு, ஆக அவருக்கு 32, எங்களுக்கு ஆளுக்கு 2 தான், இது அநியாயம்ங்க.

ரவுட்டர்ல நெரிசலைச் சமாளிக்கற `fq_codel` போட்டதுல பிங் இறங்குச்சு, பங்கு மாறல, அதுவும் கனெக்‌ஷன் வாரியாதான் பிரிக்குது. அப்புறம் அதே வேலை செய்யற `cake`ல வேகத்தை 36க்கு கட்டி, டவுன்லோட் பக்கம் டிவைஸ் வாரியா பிரிக்கற `nat dual-dsthost` குடுத்ததும், எல்லாரும் சேர்ந்து இழுத்தாக்கூட ஆளுக்கு 7 கிட்ட வருது.

மொபைல் டேட்டால இதேன்னு கேட்டவருக்கு: அங்க ரவுட்டர் உங்க கைல இல்ல, இது உதவாது. வைஃபை தூரமா இருந்தா எங்களுக்கு இன்னும் திக்குது, அது பாக்கி.