நான் அவ பக்கத்துல நின்ன அந்த ராத்திரி, நான் அந்த ஊர்லயே இல்லையாம்

ஆம்பூர்க்காரி

சின்ன வயசு சிநேகிதங்கள ரொம்ப வருஷம் கழிச்சு கண்டுபிடிச்சவங்க எல்லாம் இங்க எழுதுறீங்க, படிச்சு படிச்சு எனக்கும் எழுதணும்னு தோணுச்சு. நான் பொறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீடு. எங்க நைனா மில்லுல வேலை. 1984ல நைனா வேலைய விட்டுட்டு ஆம்பூருக்கு வந்துட்டோம், அப்ப எனக்கு 11 வயசு. அடுத்த வீட்டு பொண்ணுதான் எனக்கு உசுரு, பேரு வேணாம், பாப்பான்னே சொல்றேன், வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. போன தீபாவளி சமயம் எங்க பழைய ஸ்கூல் பேஸ்புக் குரூப்ல யாரோ போட்ட ஒரு கிளாஸ் போட்டோவுக்கு கீழ அவ கமெண்ட் போட்டிருந்தா, முகம் மாறிடுச்சு ஆனா அந்த இடது புருவத்துல இருக்கிற தழும்பு மாறல, அத வச்சே கண்டுபிடிச்சேன். மெசேஜ் போட்டேன், அஞ்சு நிமிஷத்துல போன் வந்துடுச்சு, ரெண்டு பேரும் அழுதோம்.

விஷயம் அதுக்கப்புறம்தான். எனக்கு தங்கவயல்னாலே மனசுல நிக்கிறது ஒரே ஒரு ராத்திரி. சுரங்கத்துக்குள்ள பாறை தெறிச்சு வெடிக்கிற ராக் பர்ஸ்ட் ஆச்சு, தரை ஒரு குலுக்கு குலுக்குச்சு, அலமாரியில இருந்த அலுமினிய பாத்திரம் எல்லாம் கடகடன்னு விழுந்துச்சு. பாப்பாவோட நைனா நைட் ஷிப்ட்ல கீழ இருந்தாரு. எல்லாரும் சுரங்கத்துக்கு இறங்குற குழி, அந்த ஷாஃப்ட்டுகிட்ட ஓடினோம், நான் பாப்பா கைய பிடிச்சுனு நிக்கிறேன், ஆளுங்கள ஏத்தி இறக்குற கேஜ் மேல வருது, அவங்க நைனாவ ஒரு சிவப்பு கம்பளில சுத்தி தூக்கினு வராங்க. கால் நசுங்கிப் போச்சு, உசுருக்கு ஒன்னும் ஆகல. நாப்பது வருஷமா இத நான் என் புருஷன்கிட்ட, பசங்ககிட்ட, ஆபீஸ்லன்னு எத்தனையோ பேர்கிட்ட சொல்லி இருக்கேன்.

ரெண்டாவது தடவ பேசும்போது பாப்பாகிட்டயே சொன்னேன், "அன்னிக்கு உன் கை ஜில்லுனு இருந்துச்சுடி"ன்னு. அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொல்றா, "நீ எங்கடி இருந்த? நீ லீவுக்கு ஆம்பூர்ல உங்க ஆயா வீட்டுக்கு போயிருந்த, நான்தான் உனக்கு லெட்டர் எழுதினேன்"ன்னு.

எனக்கு கோவம்தான் வந்துச்சு, உனக்கு மறந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. இன்லண்ட் லெட்டர். அவங்க அம்மா டிரங்குப் பெட்டியில வச்சிருந்தாங்களாம். என் கையெழுத்து, அந்த கோணல் "ழ" என்னோடதுதான், ஆம்பூர்ல இருந்து நான் எழுதினது. "நைனாவ கம்பளில சுத்தி தூக்கினு வந்தாங்கன்னு எழுதி இருந்தியே, ஆயா படிச்சு காட்டினாங்க, நான் அழுதேன், நைனாவுக்கு கால் சரியாகணும்னு வேண்டிக்கிட்டேன்." அப்படியே இருக்கு.

அப்ப நான் பார்த்தது என்ன? இப்பவும் கண்ண மூடினா அந்த கேஜ் வருது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

தறிக்காரன்

அக்கா உங்க பிரெண்ட எப்படி தேடினீங்க, பேஸ்புக்ல பேர் போட்டா ஆயிரம் பேர் வராங்க. நானும் கோமாரபாளையத்துல கூட படிச்ச ஒருத்தன தேடிட்டு இருக்கேன், அவன் இப்ப திருப்பூர்ல இருக்கிறதா சொல்றாங்க. ஊர் பேர் போட்டும் பார்த்தேன் வரல.

ஆம்பூர்க்காரி

தம்பி தனி ஆளா தேடாதீங்க, ஸ்கூல் பேர் போட்டு குரூப் தேடுங்க, அதுல பழைய கிளாஸ் போட்டோ கேட்டு போடுங்க. பொண்ணுங்கன்னா கல்யாணம் ஆகி பேர் மாறியிருக்கும், பாப்பாவும் இப்ப வேற பேர்லதான் இருக்கா. போட்டோவுக்கு கீழதான் ஆளுங்க தானா வருவாங்க.

மாரிக்குப்பம் தாத்தா

அம்மா, நான் 31 வருஷம் அண்டர்கிரவுண்ட்ல வேலை பார்த்தவன், 2001 பிப்ரவரி 28ல மைன்ஸ் மூடின அன்னிக்கு வரைக்கும். நீங்க சொன்ன பாத்திரம் விழறது நூத்துக்கு நூறு உண்மை, அது எல்லா வீட்லயும் நடக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் மேல ஆழம், கல்ல வெட்டி வெட்டி எடுத்து உள்ள வெத்திடம் ஆயிடும், மேல இருக்கிற பாறையோட பாரம் தாங்காம ஓரத்துல இருக்கிற கல்லு பட்டுனு தெறிக்கும். நாங்க வெடி வைக்கிறது வேற, அது டயத்துக்கு நடக்கும், இது எப்ப வரும்னு சொல்ல முடியாது. பெரிய பர்ஸ்ட்னா மேல ஊரே ஆடும், சுவத்துல விரிசல் விழும்.

ஆனா ஒன்னு சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. அடிபட்டவங்கள மேல கொண்டாறதுக்கு சில நேரம் மணிக்கணக்கா ஆகும். கல்லு சரிஞ்ச எடத்துல இருந்து ஆள எடுக்கணும், அப்புறம் ஒரு ஷாஃப்ட்ல வந்து இன்னொரு ஷாஃப்ட் மாறி மேல வரணும். ஆடின உடனே ஓடினோம், உடனே கேஜ் வந்துச்சுன்னு நீங்க எழுதி இருக்கீங்க. காத்துக்கிட்டு நின்னது உங்க ஞாபகத்துல இல்ல. அங்க நின்ன பொம்பளைங்க யாரக் கேட்டாலும் அந்த காத்திருந்ததத்தான் மொதல்ல சொல்லுவாங்க. என் சம்சாரம் இன்னிக்கும் அதத்தான் சொல்லுவா.

ஆம்பூர்க்காரி

தாத்தா இத படிச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. பாப்பாவும் அதான் சொன்னா, விடியற வரைக்கும் நின்னோம், அவ தம்பி மண்ணுலயே தூங்கிட்டான்னு. என் படத்துல ராத்திரி மட்டும்தான் இருக்கு, விடியலே இல்ல.

சக்தி_சேலம்

மனசு டேப் ரிக்கார்டர் மாதிரிங்க, எல்லாமே உள்ள பதிவாகி இருக்கும், நமக்கு எடுக்கத் தெரியல அவ்ளோதான். ஹிப்னாடிசம் பண்றவங்ககிட்ட போனா அன்னிக்கு உண்மையா எங்க இருந்தீங்கன்னு வெளிய வந்துடும். எங்க மாமா பையன் ஒருத்தன் போனான், மூணு வயசுல நடந்தது எல்லாம் சொன்னான்.

வகுப்பறை மூலை

சக்தி, பாதி சரி. பழசுல ஏதோ ஒன்னு தங்கி இருக்குங்கிறது சரி, ஆனா டேப் மாதிரி இல்ல. ஒவ்வொரு தடவ ஞாபகப்படுத்தும்போதும் மனசு அத திரும்ப கட்டுது, கட்டும்போது கையில கிடைச்சதையும் சேர்த்துக்குது. ஹிப்னாடிசம் இதுக்கு ஆகவே ஆகாது, அதுல தப்பான ஞாபகம் கூடும், அதோட அதுமேல நம்பிக்கையும் கூடும். நான் காலேஜ்ல சைக்காலஜி எடுக்கிறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

1986ல சேலஞ்சர் விண்கலம் வெடிச்சுச்சு இல்லையா, அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல உல்ரிக் நைசர்னு ஒரு பேராசிரியர், மறுநாளே மாணவர்கள்கிட்ட இந்த செய்தி உனக்கு எப்படி தெரிஞ்சதுன்னு எழுதி வாங்கி வச்சுக்கிட்டாரு. ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆனப்புறம் 44 பேர மறுபடி கேட்டாரு. நாலுல ஒருத்தர் சொன்னது முழுக்க வேற, யாரு சொன்னாங்க எங்க இருந்தோம் எல்லாமே வேற, ஆனா ரொம்ப உறுதியா சொன்னாங்க. அவங்க கையால எழுதின பேப்பர காட்டினப்புறமும் பழைய ஞாபகம் அவங்களுக்கு திரும்பி வரல. அம்மா, லெட்டர் பார்த்தும் உங்களுக்கு கேஜ் படம் மறையலன்னு சொன்னீங்களே, அது இதேதான். உங்க மேல தப்பு ஒன்னும் இல்ல, நீங்க பொய்யும் சொல்லல.

அண்ணன் தம்பி, இரட்டைப் பிறவி, நெருங்கின சிநேகிதங்க, இவங்களுக்குள்ள ஒருத்தருக்கு நடந்தத இன்னொருத்தர் தனக்கு நடந்ததா நினைக்கிறது ரொம்ப சகஜம். ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே ஆளுங்க, அதனால கதை கேட்கும்போதே படம் போடறதுக்கு எல்லா சாமானும் உங்ககிட்ட தயாரா இருந்துச்சு. ஒன்னு கேக்கறேன், அந்த சிவப்பு கம்பளி லெட்டர்ல இருக்கா?

ஆம்பூர்க்காரி

சார், லெட்டர்ல கம்பளின்னு மட்டும்தான் இருக்கு, கலர் இல்ல. பாப்பாகிட்ட கேட்டேன், கருப்பு கம்பளி, சொரசொரன்னு இருக்கும், ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கே வந்துடுச்சு, ரொம்ப நாள் கட்டில் மேல கிடந்துச்சுன்னா. இத கேட்டுட்டு எங்க அம்மாவுக்கு போன் போட்டேன். எதுக்குன்னு சொல்லாம, ஆயா வீட்ல என்ன கம்பளி இருந்துச்சுன்னு கேட்டேன். "சிவப்பு, ஓரத்துல பச்ச கோடு போட்டது, நீ அதுக்குள்ள புகுந்துனுதான் தூங்குவ"ன்னாங்க.

அந்த லெட்டர ஆயா படிச்சு காட்டும்போது நான் அதுக்குள்ளதான் இருந்திருப்பேன் போல. ஆயா செத்து இருபது வருஷம் ஆகுது. அவங்க பக்கத்துல உக்காந்து எனக்கு படிச்சது, அதுதான் சார் எனக்கு நிஜமா நடந்தது, ஆனா அது சுத்தமா ஞாபகத்துல இல்ல. அதுதான் எனக்கு தாங்கல.

குவார்ட்டர்ஸ் பையன்

எனக்கு நெய்வேலி. என் கதை இவ்ளோ பெருசு இல்ல. கூட படிச்சவன 28 வருஷம் கழிச்சு வாட்ஸ்அப்ல பிடிச்சேன், ரெண்டு பேரும் சேர்ந்து பழைய குவார்ட்டர்ஸ் பார்க்கப் போனோம். பின்னாடி இருந்த முருங்கை மரத்துல இருந்து சுவத்துக்கு தாவுவோம், பெரிய தாவல்னு நினைச்சுட்டு இருந்தேன், அளந்தா நாலடி கூட இல்ல. அது பரவால்ல, சின்ன உடம்புக்கு எல்லாமே பெருசு. ஆனா அவன் என்ன சொன்னான்னா, நீ தாவினதே இல்ல, கீழ நின்னு பார்ப்ப, தாவினது நானும் உங்க அண்ணனும்னான். அண்ணன் இப்ப இல்ல, கேக்க ஆள் இல்ல. சார், என் ஞாபகத்துல நான் தாவறத நானே தள்ளி நின்னு பார்க்கிற மாதிரி தெரியுது. அப்ப அது பொய்தானா?

வகுப்பறை மூலை

அத மட்டும் வச்சு சொல்ல முடியாது தம்பி. நிறைய பேர் அத அடையாளமா சொல்றாங்க, ஆனா நிஜமா நடந்ததும் வருஷம் போகப் போக வெளிய இருந்து பார்க்கிற மாதிரி மாறிடும். வெளி சாட்சி வேணும், லெட்டர், போட்டோ, இல்ல இதுல சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள். உங்க விஷயத்துல அது இல்லன்னா முடிவு தெரியாமலே இருக்கட்டும்.

இனிமே பழைய சிநேகிதங்கள கண்டுபிடிக்கிறவங்க ஒன்னு செய்யலாம். ஒரு சம்பவத்த பத்தி பேசறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் தனித்தனியா பேப்பர்ல எழுதி தேதி போட்டுடுங்க. யாரு இருந்தாங்க, பகலா ராத்திரியா, என்ன கலர், எது தெரியல, அதையும் எழுதுங்க. அப்புறமா மாத்திக்கங்க. பேசிட்டா முடிஞ்சு போச்சு, பத்து நிமிஷத்துல அவங்க சொன்னது நம்ம ஞாபகத்துல கலந்துடும், எது யாரோடதுன்னு பிரிக்க முடியாது. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா அது உண்மைன்னு நினைச்சுடாதீங்க, ரெண்டு பேரும் ஒரே மூணாவது ஆள்கிட்ட கேட்டிருக்கலாம்.

ஆம்பூர்க்காரி

ஒரு வாரம் கழிச்சு எழுதறேன். சார் சொன்ன மாதிரி செஞ்சோம். தங்கம் பிரிச்ச கழிவு மணலக் கொட்டி வச்ச சயனைட் மேட்டுல சாக்கு போட்டு சறுக்கினத எடுத்துக்கிட்டோம், ஏன்னா அத பத்தி இன்னும் பேசவே இல்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் எழுதி, ஒரே நேரத்துல போட்டோ எடுத்து அனுப்பினோம். ரெண்டு பேரும் எழுதினதுல ஒன்னு அச்சு அசலா இருந்துச்சு, அந்த மாவு மாதிரி மணல் தலைமுடிக்குள்ள போய் வாராவாரம் சீப்புல வரும், அவங்க அம்மா வாசல்ல உக்கார வச்சு தட்டுவாங்கன்னு. மத்தபடி அவ புருவத்துல தழும்பு எப்படி வந்துச்சுங்கிறதுல ஒத்துப்போகல. நான் தள்ளிவிட்டதா நான் எழுதி இருக்கேன், இத்தன வருஷமா மனசுல உறுத்திட்டு இருந்துச்சு. அவ, தானே தடுக்கி கல்லுல விழுந்ததா எழுதி இருக்கா, நான் அன்னிக்கு கூட இருந்தேனான்னே ஞாபகம் இல்லையாம். நான் வருத்தப்படுவேன்னு அப்படி எழுதினியாடின்னு கேட்டேன். இல்லடி, நீ எழுதினத பார்க்கிறதுக்கு முன்னாடியே எழுதிட்டேனேன்னா.

இன்னொன்னும் தீரல. 84ல போனவ ஒரு லெட்டர் கூட போடலயேன்னு அவ சொல்றா, நான் மூணு லெட்டர் போட்டேன்னு எனக்கு ஞாபகம். பெட்டியில அந்த ஒரு லெட்டர் மட்டும்தான் இருக்கு. முன்ன மாதிரி நான் அடிச்சு சொல்லல.

மாரிக்குப்பம் தாத்தா

அம்மா, அப்ப லைன் வீடுங்களுக்கு தபால் வந்தா தெரு முனையில ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு போவாங்க, எத்தனையோ போய் சேராது. போட்டும் இருக்கலாம்.

ஆம்பூர்க்காரி

நன்றி தாத்தா. பாப்பா பெங்களூருல இருக்கா, அடுத்த மாசம் மாரிக்குப்பம் ரயில்ல ரெண்டு பேரும் போறோம். அந்த இன்லண்ட் லெட்டர எடுத்துட்டு வரேன், நீயே வச்சுக்கன்னா. மடிப்புல எல்லாம் கிழிஞ்சு இருக்காம், தொடாத, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வான்னு சொல்லி இருக்கேன். அம்மாகிட்ட கேட்டு அந்த சிவப்பு கம்பளி இன்னும் சித்தி வீட்ல இருக்கான்னு பார்க்கணும்.