முதல் நரைக்கு ஒரு வரி வேண்டும்

நண்பர்களே, ஒரு படத்துக்குத் தலைப்பு எழுத உதவுங்கள். காலை வெயிலில் என் தங்கை பக்கவாட்டில் எடுத்த படம் அது. இடது காதுக்கு மேலே நாலைந்து வெள்ளை முடிகள் பளிச்சென்று தெரிகின்றன. மறைக்க மனமில்லை, எனக்கு அவை பிடித்திருக்கின்றன.

கம்பராமாயணத்தில் தசரதனுக்கும் காதருகேதான் ஒரு நரை தோன்றும். அரசை மகனிடம் கொடுத்துவிட்டுத் தவம் செய் என்று காதில் சொல்ல வந்ததுபோல் இருந்ததாம். அதிலிருந்து இப்படி எழுதினேன்:

"தசரதனிடம் நாட்டை விடச் சொன்ன நரை, என்னிடம் விட நாடில்லை என்றதும் இங்கேயே தங்கிவிட்டது."

கருத்து சரி, நீளம்தான் இடிக்கிறது. கைப்பேசித் திரையில் இரண்டாம் பாதி மறைந்துவிட்டால் சிரிப்பே போய்விடும். தசரதன் பெயரை எடுத்தாலோ காது, ரகசியம் என்ற சுவை குன்றுகிறது. "காதோரம் வந்த முதல் தூது" என்று சுருக்கினால் அழகு இருக்கிறது, குறும்பு இல்லை.

கதை தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி, ஏழெட்டுச் சொற்களில் சொல்ல முடியுமா? "வயது வெறும் எண்" வகை வரிகள் வேண்டாம். வயது கூடியிருக்கிறது, அதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும்.